இருளாத அந்தி: பட மாடல்கள் நீலப்பொழுதில் தடுமாறுவது ஏன்?

புத்தாண்டு வாழ்த்தட்டைகளுக்கான படங்களை உருவாக்கும்போது, அந்தி நீல வானத்தையும் சன்னல்களின் மஞ்சள் ஒளியையும் ப்ராம்ப்ட்டில் தெளிவாக எழுதியும் தெரு முழுவதும் பகல்போல் வெளிச்சமாக வருகிறது என்று வாசகர்கள் பலர் எழுதியுள்ளனர். சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 4 முதல் 8 பாகை வரை இறங்கியிருக்கும் வேளையே நீலப்பொழுது. அப்போது வானத்தின் ஒளி சன்னல் விளக்குகளின் அளவுக்குக் குறைந்துவருவதால் இரண்டும் ஒரே படத்தில் பதிகின்றன. வேண்டியதை விவரித்தாலே போதும் என்னும் கருவி விளம்பரங்களின் வாக்குறுதி இங்கே பொய்த்துவிடுகிறது. ஏனெனில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 போன்ற மாடல்களில் கோளாறு சொற்களில் இல்லை, பயிற்சி முறையில் இருக்கிறது.

பரவல் மாடல் என்பது, படத்தின் மீது படிப்படியாகச் சேர்க்கப்பட்ட இரைச்சலை, அதாவது தற்செயல் புள்ளிகளை, நீக்கக் கற்ற மாடலாகும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5-இன் பயிற்சியில் கடைசிப் படியிலும் மூலப்படம் முற்றிலும் அழிவதில்லை, ஏறத்தாழ 0.068 பங்கு எஞ்சுகிறது. அந்த எச்சத்தில் நுணுக்கங்கள் மறைந்தாலும் படத்தின் சராசரி வெளிச்சம் தங்கிவிடுவதால், மாடல் அதைத் தானே முடிவு செய்யாமல் இரைச்சலிலிருந்து படித்துக்கொள்ளப் பழகுகிறது. உருவாக்கும்போதோ வெறும் இரைச்சலே தரப்படுகிறது. அதன் சராசரி நடுத்தரமாக இருப்பதால் படமும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுக்கப்படுகிறது. வானம் இருண்டால் அதை ஈடுசெய்யச் சன்னல்கள் வெளுக்கின்றன, தெருவும் ஒளிர்கிறது. 2023-இல் இக்குறையைச் சுட்டிய ஆய்வாளர்கள், கடைசிப் படியில் மூலப்படத்தின் எச்சமே இல்லாதபடி பயிற்சியைத் திருத்தும் வழியையும் முன்வைத்தனர்.

அவ்வாறு திருத்தப்படாத மாடலில், எடின்பரோவின் கல்வீட்டு வரிசையை எடுத்துக்கொண்டால், ப்ராம்ப்ட் இவ்வாறு அமையலாம்:

```
Edinburgh stone tenements, deep blue twilight sky,
two windows lit warm, other windows dark, street in shadow
```

எத்தனை சன்னல்கள் ஒளிர்கின்றன என்று குறிக்காவிட்டால் எல்லாச் சன்னல்களும் ஒளிரக்கூடும். இதோடு, மேலே கருநீலமும் கீழே ஏறக்குறைய கருமையும் பூசி, சன்னல் இடங்களில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் இட்ட எளிய படமொன்றை image-to-image முறையில் தொடக்கமாகக் கொடுத்து, மாற்ற அளவை 0.7 அளவில் வைத்தால், இருண்ட சராசரி இரைச்சலுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. மாற்ற அளவு மிகக் குறைந்தால் பூச்சு அப்படியே தெரியும். 1-ஐ நெருங்கினால் பழைய வெளிச்சம் திரும்பும். கிடைத்த படத்தை ஒரே பிக்சலாகச் சுருக்கிப் பார்த்தால் குறை புலப்படும்: அது கருநீலமாக இராமல் நடுச்சாம்பலாக இருந்தால், சராசரி இழுக்கப்பட்டிருக்கிறது.

ப்ராம்ப்ட்டில் golden hour என்பதையும் சேர்க்கலாமா? கூடாது, அது சூரியன் அடிவானத்துக்கு அருகில் இருக்கும் வேளையின் ஒளியை வானத்துக்குக் கொண்டுவரும்.

3200K என்று எழுதினால் கேமரா போல் நிறம் திருத்தப்படுமா? படாது; மாடலுக்கு அதுவும் ஒரு சொல்லே.

guidance அளவை உயர்த்தலாமா? மிகையாக உயர்த்தினால் நிறங்கள் அடர்ந்து, சன்னல்களின் மஞ்சள் வெளுத்துப்போகும்.