எந்த சைஸ் இருக்கு, என்ன விலை: மழைக்கால கேப்ஷன் எழுதும் முறை

ரெயின்கோட்டும் குடையும் விற்கும் கடைகள் மழைக்காலத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போடுகின்றன. அந்தப் படத்தோடு வரும் சில வரிகளே கேப்ஷன். அதைப் படிப்பவர் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாள் காலைக்கோ பொருள் தேவைப்படுபவர். அவர் தெரிந்துகொள்ள நினைப்பது மூன்றுதான்: தன் அளவில் கிடைக்குமா, இப்போது கடையில் இருக்கிறதா, எவ்வளவு ஆகும். மழையை வரவேற்கும் இரண்டு வரியில் தொடங்கி, 'விலைக்குத் தொடர்பு கொள்ளவும்' என்று முடியும் கேப்ஷனில் இவற்றுக்குப் பதில் இருக்காது. அதே கேள்விகள் தொலைபேசியில் நாள் முழுக்க வரும். கடையில் கூட்டம் நிற்கிற நேரத்தில் அந்த அழைப்புகளை எடுக்கவும் ஆள் இருக்காது.

மூன்றில் அதிகம் குழப்புவது சைஸ். ரெயின்கோட் சட்டைக்கு மேல் போடுகிற உடை. குளிர் நாளில் ஸ்வெட்டருக்கும் மேல். அதனால் உடலளவைவிடப் பல அங்குலம் தாராளமாகவே தைக்கப்படுகிறது. ஜிப்பை மூடி, கோட்டைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் பிடித்தால் 24 அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கோட்டின் சுற்றளவு 48. கேப்ஷனில் 'எக்ஸ்எல் – 48' என்று மட்டும் போட்டால், 42 அங்குல மார்புள்ளவர் தனக்கு அது பெரிது என்று கருதி எல் கேட்பார். போட்டுப் பார்த்ததும் மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வருவார். 'மார்பு 40 முதல் 42 வரை உள்ளவருக்கு எக்ஸ்எல்' என்று உடலளவில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. எல், எக்ஸ்எல் எழுத்துகளை மட்டும் நம்ப முடியாததற்கும் காரணம் உண்டு: ஒரு தயாரிப்பாளரின் எல் இன்னொருவரின் எக்ஸ்எல் அளவுக்கு இருக்கும். ஆகவே புதுச் சரக்கு வந்ததும் ஒவ்வொரு சைஸிலும் ஒன்றைப் பிரித்து டேப் வைத்து அளப்பதே சரியான வழி.

இருசக்கர வண்டி ஓட்டுபவருக்கு மார்பளவு மட்டும் போதாது. ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கை நீண்டதும் கோட்டின் கை மேலேறி மணிக்கட்டு நனையும். உட்கார்ந்து முழங்கால் மடங்கியதும் பேண்ட் உயர்ந்து ஷூவுக்குள் தண்ணீர் இறங்கும். அவருக்காக எழுதும் கேப்ஷனில் எந்த உயரத்துக்கு எந்த சைஸ் என்ற ஒரு வரி அவசியம். இரு சைஸுக்கு நடுவில் இருப்பவரை அடுத்த பெரிய சைஸ் எடுக்கச் சொல்வது நல்லது. போர்வைபோல் போர்த்திக்கொள்ளும் பான்ச்சோ எல்லோருக்கும் பொருந்தும் என்றாலும் வண்டி ஓட்டுபவருக்கு ஏற்றதல்ல. காற்றில் பறந்து பார்வையை மறைக்கும். நுனி சக்கரத்தில் சிக்கவும் கூடும். 'நடப்பவருக்கு மட்டும்' என்று அதற்குப் பக்கத்தில் எழுதுவது கடைக்காரரின் கடமை.

பிள்ளைகளின் ரெயின்கோட்டுக்கு வயது சரியான அளவுகோல் ஆகாது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குள் ஒரு சாண் உயர வித்தியாசம் இருக்கும். உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்லி, முதுகில் பள்ளிப் பைக்கு இடம்விட்டுத் தைத்ததா என்பதையும் சேர்க்க வேண்டும். பை இருந்தால் சாதாரண கோட் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, கால்சட்டை நனைந்துவிடும்.

குடையில் சொல்லப்படும் அங்குலம் விரித்த அகலம் அல்ல, ஒரு கம்பியின் நீளம். 23 அங்குலக் குடையை விரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் கிடைக்கும். ஒருவருக்கு அது போதும். வாங்குபவருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 'விரித்தால் ஒரு மீட்டர், கைப்பையில் அடங்கும் மூன்று மடிப்பு' என்றால் படித்த உடனே புரியும்.

அடுத்தது ஸ்டாக். சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் அதிகம். கன்னியாகுமரியிலும் நீலகிரியிலும் ஜூனிலேயே தென்மேற்குப் பருவ விற்பனை தொடங்கிவிடும். எங்கானாலும் வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்த நாளில் பலரும் ஒன்றாகக் கடைக்கு வருவார்கள். நடுத்தர சைஸ்கள் முதலில் தீரும். மீதமிருப்பது மிகச் சிறிதும் மிகப் பெரிதும்தான். அப்போதும் 'எல்லா சைஸும் உண்டு' என்ற பழைய வரி அப்படியே நின்றால், நனைந்துகொண்டு வந்தவர் வெறுங்கையோடு போவார். அடுத்த முறை அந்தக் கடையின் வரியை அவர் நம்பமாட்டார்.

இதற்குத் தீர்வு தேதியும் நேரமும் போடுவது. வாட்ஸ்அப்பில் போன படம் கைமாறிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் தன் ஸ்டேட்டஸை நீக்கினாலும், சேமித்தவர் கையிலிருந்து அது பத்து நாள் கழித்தும் யாருக்கோ போய்ச் சேரும். சேமித்த படத்தைத் தனியாக அனுப்பும்போது கேப்ஷனும் கழன்றுவிடும். எனவே தேதியும் விலையும் படத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு சைஸ் தீர்ந்தால் அந்த வரியை எடுத்துவிடாமல் 'முடிந்தது' என்று காட்டுவது நல்லது. அப்போதுதான் அதே சைஸைக் கேட்டு மறுபடியும் அழைப்பு வராது. அடுத்த சரக்கு வரும் நாளை மொத்த வியாபாரி உறுதி சொன்ன பிறகே போட வேண்டும்.

விலையில் பெரிய தொல்லை 'ரூ.299 முதல்' என்னும் வாசகம். 299 சிறுபிள்ளைகளின் கோட்டுக்கான விலையாக இருக்கலாம். படிப்பவர் மனத்தில் அது பெரியவர் சைஸின் விலையாகவே பதிகிறது. ஒவ்வொரு சைஸுக்கும் நேரே அதன் விலையை எழுதினால் கடையில் வாக்குவாதம் இருக்காது. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் சேர்த்தது. மழை வலுத்த நாளிலும் அதற்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தராது. வீட்டுக்கு அனுப்பும் கட்டணம் தனி என்றால் அதையும் விலைக்குப் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, சிறிய கடை ஒன்று இப்படி எழுதலாம்:

நவம்பர் 12, காலை 10 மணி நிலவரம்.
பைக் ரெயின்கோட், பேண்டுடன்:
எல் (மார்பு 38 வரை) – ரூ.850 – 6 இருக்கு
எக்ஸ்எல் (40–42) – ரூ.850 – 4 இருக்கு
டபுள் எக்ஸ்எல் (44–46) – ரூ.900 – முடிந்தது, வெள்ளி மாலை வரும்
உயரம் 5 அடி 9க்கு மேல் என்றால் ஒரு சைஸ் கூட்டி எடுங்க.
மூன்று மடிப்புக் குடை, விரித்தால் ஒரு மீட்டர் – ரூ.380 – 15 இருக்கு
கடை இரவு 9 வரை. போன் செய்தால் மாலை 6 வரை எடுத்து வைப்போம்.
நனையாத கோட்டை 3 நாளுக்குள் சைஸ் மாற்றலாம்.

இன்ஸ்டாகிராமில் தொடக்க வரிகள் மட்டுமே கண்ணில் படும். மற்றவற்றைப் படிக்கத் தொட்டுத் திறக்க வேண்டும். அதனால்தான் தேதியும் முதல் சைஸும் விலையும் உச்சியில் நிற்கின்றன. எண்ணிக்கை போட விரும்பாத கடை, 'இருக்கு', 'கடைசி சில', 'முடிந்தது' என்ற மூன்று நிலைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். மழை கொட்டும் நாளில் எண்ணிக்கையை மணிக்கொருமுறை திருத்த இயலாதவருக்கு இதுவே உகந்தது.

'தண்ணீர் புகாது' என்று எழுதும் முன் கோட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தையலின் மேல் பட்டையாக டேப் ஒட்டியிருந்தால் அந்த வரியைப் போடலாம். வெறும் தையல் மட்டும் தெரிந்தால் ஊசித் துளை வழியே தோளிலும் மடியிலும் நீர் இறங்கும். அப்படிப்பட்ட கோட்டுக்கு 'லேசான மழைக்கு' என்று எழுதி, விலையையும் அதற்கேற்ப வைக்க வேண்டும்.