சுருங்கிய லைனிங்கும் 100 ரூபாய் நல்லெண்ணமும்

கல்யாண சீசனில் லேடீஸ் டெய்லர் கடைக்கு வரும் புகார்களில் அடிக்கடி கேட்பது, “துவைச்சதும் ஜாக்கெட் பிடிக்குது.” ஒரு கற்பனைக் கணக்கோடு இதைப் பார்க்கலாம். வாடிக்கையாளர் மாலையில் பட்டு ரவிக்கைத் துணியைக் கொடுத்து, மறுநாள் மதியமே வேண்டும் என்கிறார். பருத்தி லைனிங்கை இரவு முழுக்கத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, தேய்த்துத்தான் வெட்ட வேண்டும். அதற்கு நேரமில்லை என்று டெய்லர் சொல்கிறார். “பரவாயில்லை, தைங்க” என்று பதில் வருகிறது. பில்லில் “லைனிங் நனைக்கவில்லை, தண்ணீரில் துவைக்க வேண்டாம்” என்று எழுதி, தையல் கூலி 600, லைனிங் துணி 100, அவசரக் கூலி 150 என 850 ரூபாய் வாங்கிக்கொள்கிறார்.

இரண்டு வாரம் கழித்து இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: “ஜாக்கெட்டைக் கெடுத்துட்டீங்க. 850 ரூபாயும் துணி விலை 700 ரூபாயும் திருப்பிக் கொடுங்க.”

அந்த நேரத்தில் பதில் எழுதக் கூடாது. இரவில் எழுதும் பதிலில் கோபம் எப்படியும் கசிந்துவிடும். “பார்த்துட்டேன் அக்கா, நாளைக்குக் காலையில பேசுறேன்” என்ற ஒரு வரி போதும். பதில் எழுதும் முன் ரவிக்கையைக் கையில் வாங்கிப் பார்ப்பது முக்கியம். குற்றம் யாருடையது என்பதை அளவு நாடாவே சொல்லிவிடும். மேல் துணி அளவுச் சீட்டில் உள்ளபடியே இருந்து, லைனிங் மட்டும் அரை அங்குலம் குறைந்து மேல் துணியைச் சுருக்கி இழுத்தால், அது துவைத்ததால் வந்தது. இரண்டும் சேர்ந்தே சீட்டைவிடக் குறைவாக இருந்தால் வெட்டியதில் பிழை இருக்கலாம். அப்படியானால் புகார் நியாயமானது. பாதிப் பணம் கொடுத்துப் பேரம் பேசாமல், முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

இங்கே லைனிங்தான் சுருங்கியிருக்கிறது. சட்டப்படி எதுவும் தர வேண்டியதில்லை என்று டெய்லர் நினைக்கலாம். ஆனால் பண்டிகைக்குப் பண்டிகை துணி கொடுத்த வாடிக்கையாளர் இவர். அவருடைய மகளுக்கும் இங்கேதான் தைக்கிறார்கள். கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் எதை விட்டுக்கொடுப்பது?

“ஏதோ 300 வச்சுக்கோங்க” என்று காரணமில்லாத தொகையைச் சொன்னால், எதிர்த்தரப்பு 600 கேட்கும். அவசரக் கூலியைத் திருப்பினால், அவசரமாகத் தைத்ததே தவறு என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். சுருங்கியது லைனிங், அதுவும் கடையிலேயே வாங்கியது. அதன் விலை 100 ரூபாயைத் திருப்புவதற்கு ஒரு பொருத்தம் இருக்கிறது. அதோடு ஓரத்தில் விட்டிருக்கும் உள்துணியைப் பிரித்துத் தளர்த்தித் தருவதும் சேரட்டும். வாடிக்கையாளருக்கு உண்மையில் தேவை போட்டுக்கொள்ளக்கூடிய ரவிக்கைதானே!

பதில் இப்படி அமையலாம்:

“அக்கா, ஆசையா தைச்ச ஜாக்கெட் போட முடியாமப் போனது எனக்கும் வருத்தம்தான். நேத்து கொண்டுவந்ததை அளந்து பார்த்தேன். மேல் துணி சீட்டு அளவுக்குச் சரியா இருக்கு, லைனிங்தான் தண்ணி பட்டுச் சுருங்கியிருக்கு. மறுநாளே வேணும்னு சொன்னதால லைனிங் நனைக்கலைன்னு பில்லுலயும் எழுதியிருந்தோம். அதனால முழுப் பணமும் துணி விலையும் தர முடியாது. ஆனா ஜாக்கெட் வீணாகக் கூடாது. ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டு, கீழ லைனிங்கையும் திருத்தித் தர்றேன், கூலி வேண்டாம். லைனிங் விலை 100 ரூபாயையும் திருப்பித் தர்றேன். சனிக்கிழமைக்குள்ள கொடுத்தீங்கன்னா புதன்கிழமை தந்துடுவேன்.”

இதில் வருத்தம் இருக்கிறது, ஆனால் “எங்க தப்பு” என்ற சொல் இல்லை. “நீங்கதான் துவைச்சீங்க” என்ற குத்தலும் இல்லை. மறுப்பு ஒரே இடத்தில், சுற்றி வளைக்காமல் வருகிறது. அதை அடுத்து, கிடைக்கப்போவது என்ன, எப்போது என்பது வந்துவிடுகிறது. மறுப்பைக் கடைசியில் வைத்திருந்தால் அது மட்டுமே வாடிக்கையாளர் மனதில் நின்றிருக்கும்.

பணத்தை ஜிபேயில் அனுப்பும்போது “லைனிங் விலை, நல்லெண்ணத்துக்காக” என்று குறிப்பு எழுதுவது நல்லது. “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று நிபந்தனை வைத்தால் கொடுத்த நூறும் லஞ்சமாகத் தெரியும்.

அவர் ஏற்காமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. அங்கே டெய்லருக்குக் கைகொடுப்பவை அளவுச் சீட்டும், அந்த வரி எழுதிய பில்லும், மேலே சொன்ன பதிலும்தான். பில்லில் எழுதியதை வாயாலும் சொல்லி, பக்கத்தில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் இன்னும் பலம்.

தைக்கக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ரவிக்கை வாங்கும் அன்றே கடையில் போட்டுப் பாருங்கள், லைனிங் நனைத்ததா என்று கேளுங்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.