விருந்தின் கடைசி இரண்டு கிளாஸ்கள்

லட்டு தின்ற வாயோடு டீ குடித்தால், சர்க்கரை போட்ட டீகூடச் சப்பென்று துவர்க்கும். டீ மாறவில்லை, நாக்குதான் மாறியிருக்கிறது. பிரெஞ்சு விருந்தின் முடிவில் வரும் சீஸுக்கும் இனிப்புக்கும் எந்த ஒயினை ஊற்றுவது என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை இந்த அனுபவத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பண்டத்தைவிட ஒயின் கொஞ்சமாவது கூடுதலாக இனிக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஒயினும் புளித்த தண்ணீராகிவிடும்.

ஒயினில் இனிப்பைத் தங்கவைக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, பழத்தைக் கொடியிலேயே நெடுநாள் விட்டுவைப்பது. பிரான்ஸில் போர்தோ நகருக்குத் தெற்கே உள்ள சொத்தேர்ன் பகுதியில், சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோன் ஆற்றில் கலக்கிறது. இலையுதிர்காலக் காலைகளில் அங்கே மூடுபனி கவியும். அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை திராட்சையின் தோலைத் துளைக்கும். பகல் வெயிலில் நீர் வற்றிப் பழம் சுருங்க, சர்க்கரையும் புளிப்பும் செறிந்து நிற்கும். பறிப்பவர்கள் தோட்டத்துக்குள் பலமுறை போய், பக்குவமாகச் சுருங்கிய பழங்களை மட்டும் எடுப்பார்கள். தேனும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும் அந்த ஒயின் விலை கூடியதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு வழி போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் பிறக்கும் போர்ட் ஒயினுடையது. சாறு பாதி நொதித்திருக்கும்போதே, ஏறத்தாழ 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் செத்துப்போகிறது. அது தின்னாமல் விட்ட சர்க்கரை ஒயினிலேயே நின்றுவிடுகிறது. கடைசியில் கிடைக்கும் ஒயினில் ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். டானி என்ற வகையை மரப்பீப்பாயில் பல ஆண்டுகள் வைப்பதால் சிவப்பு மங்கிப் பழுப்பாகி, வறுத்த கொட்டை, உலர்ந்த அத்தி, கருக்கிய சர்க்கரை ஆகியவற்றின் மணம் ஏறும்.

இனி, ஆறு பேருக்கான ஒரு விருந்தை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு முறைப்படி முதலில் சீஸ், பிறகுதான் இனிப்பு.

சீஸுக்கு ரொக்ஃபோர் வைக்கலாம். செம்மறிப் பாலில் செய்து, கொம்பலு மலையின் குகைகளில் பதப்படுத்திய நீலப் பூஞ்சைச் சீஸ் இது. நன்றாகக் கரிக்கும். ஆளுக்கு 30 கிராம் போதும், ஆறு பேருக்கு 180 கிராம். ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தால்தான் கொழுப்பு இளகி மணம் வரும். உடன் சொத்தேர்ன், 375 மில்லி அரை பாட்டில். ஆளுக்கு 60 மில்லி ஊற்றினால் ஆறு பேருக்கும் சரியாக வரும். ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, 10 டிகிரி அளவில் பரிமாறுங்கள்.

பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போடும் கைகளுக்கு இந்த ஜோடியின் சூட்சுமம் தெரியும். உப்பு கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக் கொடுக்கும். ஒயினின் இனிப்பு சீஸின் காரத்தைத் தணிக்கும், அதன் புளிப்பு நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடும். சாப்பாட்டில் மீந்த துவர்ப்பான சிவப்பு ஒயினை இதே சீஸோடு குடித்தால், அந்தத் துவர்ப்பு கடுத்துக் கசக்கும்.

இனிப்புக்கு வால்நட் டார்ட், உடன் பத்து ஆண்டு டானி. கொட்டையும் கருக்கிய சர்க்கரையும் இரண்டிலும் இருப்பதால் தட்டும் கிளாஸும் ஒரே பேச்சைப் பேசும். ஆனால் டார்ட்டில் சர்க்கரையைக் குறைத்தே போடுங்கள், மேலே ஐஸ்கிரீம் வேண்டாம். டானியையும் லேசாகக் குளிரவைத்து, 14 டிகிரி அளவில் கொடுத்தால் சாராய நெடி மூக்கில் ஏறாது. மீந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம், சில வாரங்கள் கெடாது.

பலரும் தவறுவது சாக்லேட்டில்தான். கறுப்பு சாக்லேட் கேக்கின் கசப்பு சொத்தேர்னின் மென்மையான மணத்தை மூடிவிடும். அதற்கு இளமையான ரூபி போர்ட்தான் ஈடுகொடுக்கும்.

விருந்தன்று காலையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒயினில் ஒரு வாய், பண்டத்தில் ஒரு துண்டு, மறுபடி ஒயினில் ஒரு வாய். இரண்டாவது வாய் முதலாவதைவிடப் புளித்தால் பண்டத்தின் இனிப்பு கூடிவிட்டது என்று பொருள். ஒயினை மாற்ற வேண்டாம், பண்டத்தில் சர்க்கரையைக் குறையுங்கள்.