வெள்ளிக்கிழமை எங்கே போனது?

பைத்தான் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடங்களில் ஒன்று இது. வாரத்தின் ஏழு நாட்களையும் ஒரு லிஸ்ட்டில் போடுகிறோம். அதிலிருந்து வேலை நாட்களை மட்டும் எடுக்க வேண்டும்.

```
days = ["ஞாயிறு", "திங்கள்", "செவ்வாய்", "புதன்",
        "வியாழன்", "வெள்ளி", "சனி"]
days[1:5]
```

பைத்தானில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். ஞாயிறு 0, திங்கள் 1, வெள்ளி 5. ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பட்டியல் வியாழனோடு நின்றுவிடுகிறது.

'முடிவு எண்ணில் இருப்பது சேராது' என்று இதை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அதைவிட, அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று பார்ப்பது நல்லது. தையல்காரரின் டேப்பில் எண்கள் கோடுகளுக்கு உரியவை. கத்தரி கோட்டில் படும், துணி இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும். இங்கும் அப்படியே. ஞாயிறுக்கு முன்னால் 0 என்ற கோடு, சனிக்குப் பின்னால் 7 என்ற கோடு. வெள்ளி 5-க்கும் 6-க்கும் நடுவில் இருப்பதால் `days[1:6]` என்று வெட்டினால்தான் அது கைக்கு வரும். ஆறில் ஒன்று போக ஐந்து. வந்த நாட்களும் ஐந்து. `days[:3]`, `days[3:]` என்று இரண்டாகப் பிரித்தால் எந்த நாளும் விடுபடாது, எதுவும் இரு முறை வராது. இப்படி எண்ணுவதே வசதி என்று கணினியியலாளர் டைக்ஸ்ட்ரா 1982-லேயே ஒரு குறிப்பு எழுதி வாதாடினார்.

கழித்தல் குறி போட்டால் வலப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். சனிக்கு முன்னால் உள்ள கோடு -1, வெள்ளிக்கு முன்னால் -2. கடைசி இரண்டு நாட்கள் வேண்டுமென்றால் `days[-2:]` போதும். ஆனால் சனிக்குப் பின்னால் இருக்கும் கடைசிக் கோட்டுக்குக் கழித்தல் எண்ணே கிடையாது. -0 என்றாலும் 0 என்றாலும் ஒன்றுதானே! 'கடைசி n நாட்கள்' என்பதை `days[-n:]` என்று எழுதி வைத்து, ஒரு நாள் n பூஜ்யமாகிவிட்டால், வெறும் லிஸ்ட்டுக்குப் பதில் ஏழு நாட்களும் வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. n பூஜ்யமாகக்கூடிய இடங்களில் `days[len(days)-n:]` என்று எழுதலாம். N ஏழைத் தாண்டாத வரை அது சரியாக வேலை செய்யும்.

ஸ்லைசிங் பொதுவாகவே வாய் திறக்காத ரகம். `days[100]` என்றால் `IndexError` என்று கத்தும் பைத்தான், `days[5:100]` என்றால் இருக்கிற இரண்டு நாட்களைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

மூன்றாவதாக வரும் எண், எத்தனை எத்தனையாகத் தாண்டுவது என்பதைச் சொல்கிறது. `days[::2]` ஒன்றுவிட்டு ஒரு நாளைக் கொடுக்கும். அந்த எண் -1 ஆனால் பயணம் பின்னோக்கி. இங்கே கோட்டுக் கணக்கை மறந்துவிட வேண்டும். எண்கள் நாட்களையே குறிக்கின்றன. `days[5:0:-1]` வெள்ளியில் தொடங்கித் திங்களில் நிற்கும், ஞாயிறு சேராது. ஞாயிறும் வேண்டுமே என்று `days[5:-1:-1]` என எழுதினால் மிஞ்சுவது வெறும் லிஸ்ட். ஏனென்றால் -1 என்பது பூஜ்யத்துக்கு முந்திய இடம் அல்ல, சனி. வெள்ளியிலிருந்து பின்னோக்கி நடந்து சனியைப் பிடிக்க முடியாது. நடுவில் ஒன்றும் எழுதாமல் `days[5::-1]` என்று விட்டால் ஞாயிறு வரை வரும். இந்தக் குழப்பமே வேண்டாம் என்பவர்கள் முதலில் வெட்டி, பிறகு `[::-1]` போட்டுத் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடித்த வழி.

ஸ்ட்ரிங்குக்கும் இதே விதிகள்தான். ஆனால் தமிழ்ச் சொல்லை வெட்டும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. விகடகவி எந்தப் பக்கமிருந்து படித்தாலும் விகடகவிதான். பைத்தான் அதை ஒப்புக்கொள்வதில்லை.

```
w = "விகடகவி"
len(w)         # 7
w == w[::-1]   # False
```

நம் கண்ணுக்கு எழுத்துகள் ஐந்து. யூனிகோட் முறையில் 'வி' என்பது 'வ' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது. திருப்பினால் குறி முன்னே வந்து வகரம் பின்னே போய்விடுகிறது. திரையில் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாத ஒரு குறி தெரியும். `w[:1]` கேட்டால் 'வி' வராது, மொட்டையாக 'வ' வரும். முதலெழுத்தை வைத்துப் பெயர்களைப் பிரிக்கும் நிரல்களில் இப்படித்தான் மீனாவும் மாலாவும் ஒரே 'ம'வில் போய் விழுகிறார்கள்.

இதற்கு ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரல்தொகுப்பு உதவுகிறது. அது சொல்லை நாம் அறிந்த எழுத்துகளாகப் பிரித்து லிஸ்ட்டாகத் தருகிறது. அதற்குப் பிறகு எந்த வெட்டும் எழுத்தின் நடுவே விழாது.

```
from tamil import utf8
a = utf8.get_letters(w)  # ['வி','க','ட','க','வி']
a == a[::-1]             # True
```