கறி வெட்டும் பலகை: மரமா, பிளாஸ்டிக்கா?

ஊரில் நம் அம்மாக்கள் கறியையும் மீனையும் அரிவாள்மனையில்தான் அரிந்தார்கள். தில்லிக்கு வந்து, நின்றபடி சமைக்கும் மேடை அமைந்த பிறகே கத்தியும் பலகையும் நம் வீடுகளுக்குள் நுழைந்தன.

எங்கள் வீட்டில் மதுரையிலிருந்து கொண்டுவந்த புளியமரக் கட்டை ஒன்று உண்டு. தீபாவளிக்கு வந்த மகன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, மரம் ஈரத்தை உறிஞ்சும், கிருமி உள்ளேயே தங்கும். இதைத் தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லி, வெள்ளை பிளாஸ்டிக் பலகை ஒன்றை வாங்கித் தந்தான். ஏழெட்டு மாதம் போயிற்று. ஒரு நாள் என் மனைவி, "ஏங்க, இதை எவ்வளவு தேய்த்தாலும் கோழி வாடை போகமாட்டேன் என்கிறதே" என்றாள். ஞாயிறுதோறும் வரும் பேத்திக்கு வெள்ளரிக்காய் நறுக்குவதும் அதே பலகையில்தான். எனக்குச் சுருக்கென்றது.

மகன் சொன்னதில் பாதி உண்மை. மரம் உறிஞ்சும். ரயில்வேயில் மர ஸ்லீப்பர்களோடு பழகிய எனக்கு அது தெரியும். பக்கவாட்டைவிட, அறுத்த முனை வழியாகத்தான் ஈரம் விரைவாக ஏறி இறங்கும். முதலில் வெடிப்பதும் அந்த முனைதான். வெடிக்காமலிருக்க அதில் 'எஸ்' வடிவ இரும்பை அடிப்போம். கறிக்கடைக் கட்டையும் அடிமரத்தைக் குறுக்கே அறுத்ததே. கத்தி படும் மேல்பக்கத்தில் மரத்தின் வளையங்கள் தெரியும்.

ஆனால் உறிஞ்சப்பட்ட கிருமி என்ன ஆகிறது? இதை அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்பவரின் குழு சோதித்து, 1994-இல் வெளியிட்டது. மரப்பலகையையும் பிளாஸ்டிக் அளவுக்குச் சுத்தமாக்க வழி தேடித்தான் தொடங்கினார்கள். கிடைத்ததோ வேறு. மரத்தில் விட்ட கிருமிகள் ஈரத்தோடு உள்ளே இழுக்கப்பட்டு, மேலே திரும்பாமல், மரம் உலர உலரச் செத்தன. புதிய பிளாஸ்டிக்கைக் கழுவுவது சுலபமாக இருந்தது. கத்திக்கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கிலோ, முக்கியமாகக் கோழிக் கொழுப்பு படிந்திருந்தால், கையால் கழுவியும் கிருமி முழுதாகப் போகவில்லை. எங்கள் வீட்டு வாடைக்கும் காரணம் அந்தக் கீறல்களாகவே இருக்க வேண்டும்.

இதனால் மரத்தைக் கழுவ வேண்டாம் என்று பொருளில்லை. உள்ளே போன கிருமி சாக நேரம் வேண்டும், மரம் உலரவும் வேண்டும். ஓயாமல் நனைந்தே கிடக்கும் கட்டைக்கு இந்தக் குணம் உதவாது.

கழுவும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். முதலில் பச்சைத் தண்ணீரால் ரத்தத்தை அலசுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் விட்டால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டு, கீறல் ஓடும் திசையிலேயே பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கோழி வெட்டிய நாளில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வாசனையில்லாத திரவ பிளீச் கலந்து ஊற்றி, சில நிமிடம் விட்டு அலசுங்கள். சோப்புக்கு முன் பிளீச் ஊற்றினால் கொழுப்பு அதன் வேலையைக் கெடுத்துவிடும். பிளீச்சோடு எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எதையும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். உப்பும் எலுமிச்சையும் தனியே தேய்த்தால் வாடை போகும். கிருமி போனதாக எண்ண வேண்டாம்.

கடைசியாக, துடைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். இருபுறமும் காற்று பட வேண்டும். தில்லியின் மே மாத வெயிலில் மட்டும் மரத்தை வைக்காதீர்கள், வெடித்துவிடும்.

எப்போது மாற்றுவது? பிளாஸ்டிக்குக்கு நான் கண்ட வழி மஞ்சள். மஞ்சள் கரைத்துத் தடவி, வழக்கம்போலக் கழுவிப் பாருங்கள். பலகை முழுதும் லேசாக மஞ்சளிப்பது சாயம். கோடு கோடாக அழுத்தமாக நின்றால், அங்கே உங்கள் பிரஷ் எட்டவில்லை என்று அர்த்தம். நகம் மாட்டும் அளவு கீறல் இருந்தாலும் மாற்றிவிடலாம். மரத்தில் மேலோட்டமான கீறலைத் தச்சர் இழைத்துத் தருவார். ஆழமான வெடிப்பு, விட்டுப்போன இணைப்பு, நன்றாகக் காய்ந்த பிறகும் வீசும் நாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அந்தக் கட்டையின் ஆயுள் முடிந்தது.

எங்கள் பிளாஸ்டிக் பலகை மஞ்சள் சோதனையில் தோற்றுக் குப்பைக்குப் போனது. கறிக்கு மீண்டும் புளியங்கட்டை. வெள்ளரிக்காய்க்குத் தனியாக ஒரு சிறு பலகை வாங்கியாயிற்று. கறிப்பலகை மரமோ பிளாஸ்டிக்கோ, பச்சையாகத் தின்னும் பொருள் அதில் படக்கூடாது. மகனும் இதற்குச் சம்மதித்துவிட்டான்.