ஐந்தாவது வாரத்துக் குரல்

"இனிமே கத்த மாட்டேன், சத்தியமா" என்று பிரிந்துபோன காதலன் மறுபடி வந்து நின்றபோது, என் தோழி உடனே தலையாட்டவில்லை. ஆறு வாரம் பார்க்கிறேன் என்றாள்.

முதல் இரண்டு வாரம் பூவும் மன்னிப்பும்தான். அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் யாரும் அப்படித்தான் இருப்பார்கள். தான் 'முடியாது' என்று சொல்லும்போது அவன் என்ன செய்கிறான் என்பதையே கவனித்தாள். மூன்றாவது வாரம் சினிமாவுக்கு வரவில்லை என்றதும், "சரி, அப்புறம் போகலாம்" என்றான். ஐந்தாவது வாரம் அதே பதிலுக்கு, "இவ்வளவு மாறியும் உனக்குப் போதலையா?" என்று குரல் உயர்ந்தது. மாற்றத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டு வட்டி கேட்டான்.

ஒரு தடவை சறுக்குவது சகஜம். மறுநாள் அவனாகவே தவற்றை ஒத்துக்கொள்கிறானா என்று காத்திருந்தாள். போன் வந்தது.

"நேத்து நீதான் என்னைக் கத்த வெச்சே."