சுவிட்சைப் போட்டதும் துள்ளும் செர்வோ

சிறு ரோபோவின் கையையும் பொம்மை விமானத்தின் துடுப்பையும் திருப்பும் செர்வோ மோட்டாருக்கு மூன்று ஒயர்கள் உண்டு. பரவலாகக் கிடைக்கும் எஸ்ஜி90 வகையில் சிவப்பு ஒயர் மின்சாரம் தரும், பழுப்பு ஒயர் கிரவுண்ட், ஆரஞ்சு ஒயர் சிக்னல். சுவிட்சைப் போட்டவுடன் செர்வோவின் கை படக்கென்று ஒரு பக்கம் துள்ளுவதும், நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் இந்த மூன்று ஒயர்களில் நடப்பதன் விளைவுதான். மோட்டார் கெட்டுவிட்டதென்று அதை மாற்றுவதற்கு முன் ஒயர்களைப் பார்க்க வேண்டும்.

சிக்னல் ஒயரில் நொடிக்கு 50 முறை ஒரு மின்துடிப்பு வரும். அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் கை எந்தக் கோணத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டளை. 1500 மைக்ரோ நொடி என்றால் நடுநிலை. துடிப்பு ஏறத்தாழ 10 மைக்ரோ நொடி கூடினாலோ குறைந்தாலோ கை ஒரு டிகிரி நகரும். செர்வோவுக்குள் இருக்கும் சிறு சுற்று, வந்த துடிப்பையும் அச்சோடு சுழலும் பொட்டென்ஷியோமீட்டர் காட்டும் கோணத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டாரைச் சுழற்றும். கட்டளை இவ்வளவு நுட்பமான கால அளவில் இருப்பதால், ஒயரில் புகும் சின்னக் குழப்பமும் கையில் நடுக்கமாகத் தெரிந்துவிடுகிறது.

ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஓர் எஸ்ஜி90-ஐ நேராக இணைத்து, லேப்டாப்பின் யுஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மின்சாரம் வந்த கணத்தில் செர்வோ விழித்துவிடும்; பலகையின் புரோகிராம் சற்றுப் பின்தங்கித்தான் ஓடத் தொடங்கும். கணினி பலகையை ரீசெட் செய்தால் பூட்லோடர் காத்திருக்கும் ஏறத்தாழ ஒரு நொடியும் அதோடு சேரும். அதுவரை சிக்னல் பின் எதோடும் பிணைக்கப்படாமல் அந்தரத்தில் நிற்கிறது. பக்கத்து ஒயர்களிலிருந்து தொற்றும் இரைச்சலை செர்வோ கட்டளை என்று எடுத்துக்கொண்டு துள்ளுகிறது. சிக்னல் ஒயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் அந்த இடைவேளையில் ஒயர் பூஜ்யத்தில் அமர்ந்திருக்கும்.

புரோகிராம் ஓடத் தொடங்கியதும் அடுத்த துள்ளல். செர்வோ நூலகத்தில் `attach` கட்டளை கொடுத்தவுடன், வேறு கோணம் சொல்லாவிட்டால், 1500 மைக்ரோ நொடித் துடிப்பு கிளம்பும். கை எங்கிருந்தாலும் நடுவுக்குப் பாயும். வேண்டிய நிலையை முன்கூட்டியே எழுதிவிட்டு இணைப்பதே இதற்கு வழி:

```
kai.writeMicroseconds(1000);
kai.attach(9);
```

அந்தப் பாய்ச்சலின்போதுதான் மின்சாரத்தின் குறை வெளிப்படும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் மோட்டார் அரை ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட்டின் வரம்பே 500 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் சரிந்தால் பலகையின் சில்லு ரீசெட் ஆகி, மறுபடி `attach` வரை வந்து, மறுபடி மோட்டாரைக் கிளப்பி, மறுபடி விழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது செர்வோவின் விட்டுவிட்ட நடுக்கமாகத் தோன்றும். `setup` பகுதியில் ஒரு சொல்லை சீரியல் மானிட்டருக்கு அனுப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒருமுறை மட்டும் வர வேண்டிய சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடப்பது ரீசெட்தான்.

செர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் சப்ளை கொடுத்தால் இந்தச் சுழல் அறுபடும். ஆனால் அந்த சப்ளையின் கிரவுண்டைப் பலகையின் கிரவுண்டோடு இணைக்க மறக்கக் கூடாது. துடிப்பை அளக்கப் பொதுவான பூஜ்யம் இல்லாவிட்டால் செர்வோ தாறுமாறாகத் திரியும். கிரவுண்ட் ஒயரின் தடிமனுக்கும் இதில் பங்குண்டு. மெல்லிய ஜம்பர் ஒயரும் தளர்ந்த பிரட்போர்டும் சேர்ந்து 0.3 ஓம் தடை தந்தால், அரை ஆம்பியர் ஓடும்போது 0.15 வோல்ட் அங்கேயே விழும். சிக்னலின் பூஜ்யமும் அந்த அளவுக்கு ஆடும். ஆகவே மோட்டாரின் கனத்த மின்னோட்டம் தடித்த ஒயரில் நேராக சப்ளைக்குத் திரும்ப வேண்டும். செர்வோவின் இணைப்பருகிலேயே 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் வரையுள்ள கெபாசிட்டரை, கூட்டல் கழித்தல் முனை பார்த்து வைத்தால் திடீர் இழுப்பை அது தாங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரே ஒரு கோணத்தில் மட்டும் நடுக்கம் இருந்தால் ஒயர்களை விட்டுவிடலாம். பொட்டென்ஷியோமீட்டர் அந்த இடத்தில் தேய்ந்திருக்கக்கூடும்.

முதல் பாய்ச்சலை முழுவதும் ஒழிக்க முடியாது. சாதாரண செர்வோ தன் கோணத்தை வெளியே சொல்வதில்லை. கை எங்கிருக்கிறது என்று தெரியாத புரோகிராமால் அதை மெல்ல நகர்த்தவும் முடியாது. அணைக்கும் முன் கையை எப்போதும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து, அடுத்த முறை அதே நிலைக்கான துடிப்பை முதலில் தொடங்கி, அதன் பிறகே மாஸ்ஃபெட் சுவிட்ச் வழியாக செர்வோவுக்கு மின்சாரம் திறந்துவிட்டால், கிளம்பும்போது கைக்கு நகர வேண்டிய தூரம் மிகக் குறைவாக இருக்கும்.